மகனின் யூடியூப் சேனல்: எந்த வீடியோ எவ்வளவு நாள் சம்பாதிக்கும்?

ஐயா, பி.காம் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகன், எம்.காம் வேண்டாம், சேனலை முழுநேரமாகப் பார்க்கிறேன் என்கிறார். குரூப் 4 ஹால் டிக்கெட் வந்த செய்தியை அவர் போட்ட வீடியோ ஒரே வாரத்தில் 22,000 பார்வை வாங்கியிருக்கிறது. எக்செலில் VLOOKUP சொல்லிக்கொடுத்த வீடியோவுக்கு ஒன்பது மாதம் ஆகியும் 11,000தான். அதனால் இனி செய்தி வீடியோ மட்டும் போடலாம் என்பது அவர் கணக்கு. அவர் அனுப்பிய எண்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

செய்தி வீடியோவுக்கு முதல் நாள் 12,000 பேர் வந்தார்கள், மறுநாள் 4,000, பிறகு 2,000. இப்போது நாளைக்கு ஐந்து பேர்கூட வருவதில்லை. ஹால் டிக்கெட்டைப் பதிவிறக்கம் செய்து முடித்தவருக்கு இனி அந்த வீடியோ எதற்கு? அதன் ஆயுள் கணக்கு முடிந்துவிட்டது: 22,000.

VLOOKUP வீடியோ அப்படியில்லை. முதல் வாரம் சோபிக்கவில்லை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ஒரு நிலைக்கு வந்து, இன்று மாதம் 1,200 பேர் பார்க்கிறார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பெரும்பகுதி YouTube search. அதாவது ஏதோ ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த யாரோ ஒருவர் இன்றைக்கும் இதைத் தேடி வருகிறார். இதே இடத்தில் Browse features என்பது அதிகமாக இருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அது யூடியூப் தானாக முகப்பில் காட்டுவதால் வரும் கூட்டம். காட்டுவதை நிறுத்தினால் போய்விடும்.

இப்படி மெதுவாகக் குறைந்தபடி நீண்ட காலம் வரும் பார்வைகளை நீண்ட வால் என்பார்கள். இந்த வால் இன்னும் எவ்வளவு தரும் என்று கணக்கிட ஒரு எளிய வழி இருக்கிறது. முதல் மூன்று மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தில் வாலின் சரிவு தெரியாது. அதற்குப் பிறகு மாதத்துக்கு எத்தனை சதவீதம் குறைகிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் மாதம் 1,530, இப்போது 1,200. ஆறு மாதத்தில் 330 குறைந்திருக்கிறது, மாதத்துக்கு 55, ஏறக்குறைய 4 சதவீதம். இப்போதைய மாதப் பார்வையை அந்த விகிதத்தால் வகுத்தால் மீதி வரப்போவது கிடைக்கும்:

```
1200 / 0.04 = 30000
```

ஆனால் இது முடிவே இல்லாத காலத்துக்கான கணக்கு. நான் மூன்று வருடத்தோடு நிறுத்திக்கொள்வேன். அப்படி நிறுத்தினால் சுமார் 23,000 வருகிறது. ஏற்கெனவே வந்த 11,000ஐச் சேர்த்தால் 34,000. செய்தி வீடியோவை இது தாண்டிவிடும்.

மூன்று வருடத்தில் ஏன் நிறுத்துகிறேன் என்றால், வால் எப்போதும் மெதுவாகத் தேய்வதில்லை, சில சமயம் ஒரே நாளில் அறுந்துவிடும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்த விகிதங்களை வைத்து பில் போடக் கற்றுக்கொடுத்த டேலி வீடியோக்கள் அன்றே பழசாகிவிட்டன. VLOOKUP அவ்வளவு சீக்கிரம் போகாது. அதைவிட வசதியான XLOOKUP வந்துவிட்டாலும் எக்செல் 2016, 2019 பதிப்புகளில் அது கிடையாது. பழைய பதிப்பை வைத்திருக்கும் அலுவலகங்களில் VLOOKUPதான். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதை எது பழசாக்கும் என்று உங்கள் மகன் கேட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, கணக்கு சம்பந்தப்பட்ட வீடியோக்கள் மார்ச், ஏப்ரலில் ஏறும். அவற்றின் சரிவைப் பார்க்கப் போன வருடத்து அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதுவரை பார்த்தது ஒவ்வொரு வகையிலும் நன்றாக ஓடிய ஒன்றை. எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். நன்றாக ஓடியதை வைத்துத் தொழிலை முடிவு செய்யக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும். அவர் போட்ட பத்து செய்தி வீடியோக்களில் ஒன்றுதான் 22,000. மற்ற ஒன்பதும் சராசரியாக 2,000தான், ஏனென்றால் வேறு சேனல்கள் முந்திக்கொண்டன. மொத்தம் 40,000. ஐந்து பாட வீடியோக்களை இதே முறையில் கணக்கிட்டால் VLOOKUPக்கு 34,000, மற்ற நான்குக்கும் சேர்த்து 26,000, ஆக 60,000.

அப்புறம் பணம். ஆயிரம் பார்வைக்குக் கையில் கிடைப்பதை RPM என்று ஸ்டூடியோ காட்டுகிறது. அவருக்குச் செய்தியில் 20 ரூபாய், பாடத்தில் 50 ரூபாய். எக்செல் கற்க வருபவருக்கு மென்பொருள், பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் வருகின்றன. பாட வீடியோ எட்டு நிமிடத்தைத் தாண்டுவதால் நடுவிலும் விளம்பரம் வைக்க முடிகிறது. அவருடைய செய்தி வீடியோக்கள் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. ஆக, பத்து செய்தி வீடியோக்களுக்கு 800 ரூபாய், ஐந்து பாடங்களுக்கு அவற்றின் ஆயுள் முழுக்க 3,000 ரூபாய்.

உழைப்பையும் பாருங்கள். செய்தி ஒன்றுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 20. பாடம் ஒன்றுக்குப் பயிற்சி ஷீட் தயாரிப்பது, திரையைப் பதிவு செய்வது, எடிட்டிங் எல்லாம் சேர்த்துப் 14 மணி நேரம், மொத்தம் 70. செய்தியில் மணிக்கு 40 ரூபாய், பாடத்தில் மணிக்கு 43 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்றுதான்! பாட வீடியோ பல மடங்கு லாபம் என்று சொல்பவர்கள் இந்த மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

வித்தியாசம் கையை எடுத்த பிறகுதான் தெரியும். செய்தி போடுவதை நிறுத்தினால் அடுத்த வாரமே அந்த வருமானம் நின்றுவிடும். ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து இன்னும் மாதம் 2,200 பார்வை, அதாவது 110 ரூபாய், அவர் தூங்கினாலும் வரும். ஆனால் மாதாமாதம் கொஞ்சம் குறைந்துகொண்டே வரும். 110 ரூபாயா என்று நீங்கள் முகம் சுளிப்பது புரிகிறது. அதைத்தான் உங்கள் மகனும் பார்க்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் விளம்பரத்தில் மட்டும் வர வேண்டுமானால் இதே தரத்தில் ஏறக்குறைய 680 பாடங்கள் வேண்டும். போதாததற்கு, கணக்கில் நூறு டாலர் சேரும்வரை கூகுள் பணம் அனுப்பாது.

ஆகவே என் யோசனை இது. முழுநேரம் வேண்டாம், சேனலை மூடவும் வேண்டாம். செய்தி வீடியோவை விட்டுவிட்டு, மாதம் ஒரு பாடம் போடட்டும். எக்செல், டேலி நன்றாகத் தெரிந்தவர் என்பதை அக்கவுண்ட்ஸ் வேலைக்கான நேர்முகத்தில் அந்த வீடியோக்களே காட்டும். 22,000 பார்வை வாங்கிய ஹால் டிக்கெட் செய்தி அதைக் காட்டாது. பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்லி யாராவது கேட்டு வந்தாலும் தேடலில் கிடைக்கும் பாடத்தைப் பார்த்துத்தான் வருவார்கள்.

எம்.காமுக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள். செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு மாதம் அவர் எதுவும் பதிவேற்றாமல் இருக்கட்டும். அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு வீடியோவும் எத்தனை பார்வை பெற்றது என்று மாதவாரியாக எழுதிக்கொண்டு, தேர்வு முடிந்ததும் இருவரும் வாருங்கள். 4 சதவீதச் சரிவு அப்படியே இருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்த்து, அடுத்த வருடம் எத்தனை பாடங்கள், எந்தத் தலைப்புகள் என்று உட்கார்ந்து முடிவு செய்வோம்.