140 கிலோ என்ற விடை ஏன் வண்டியில் ஏறாது?

*ஐயா, நான் தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் படிக்கிறேன். "உண்மையான வரம்புகளைச் சொல்லச் சமன்பாட்டைவிட அசமன்பாடே ஏற்றது" என்று பள்ளிக் கணித மன்றத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். எங்கள் வீட்டில் காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து விற்கிறார்கள். அதையே உதாரணமாக வைக்கலாமா? நடுவர்கள் கேட்டால் திணறாமல் பதில் சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும்?*

தாராளமாக வைக்கலாம். மீனையும் ஐஸையும் ஒரே வண்டியில் ஏற்றுகிற கணக்கைவிடப் பொருத்தமான உதாரணம் இந்தத் தலைப்புக்கு எளிதில் கிடைக்காது. அந்த ஒன்றையே தொடக்கத்திலிருந்து முடிவு வரை பிடித்துக்கொள்ளுங்கள். சமக்குறி 1557-இல் அச்சேறியது, சிறிது பெரிது குறிகள் 1631-இல் வந்தன என்ற வரலாற்றோடு தொடங்கும் பேச்சுகளை நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஐந்து நிமிடப் பேச்சில் அதற்கு இடமில்லை. நேராக வண்டிக்கு வந்துவிடுங்கள்.

எண்களை முதலில் வரையறுப்போம். ஒரு மீன்பாடி வண்டியில் ஓட்டுபவரையும் பெட்டியையும் தவிர 300 கிலோ வரை ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். அதில் தராசுக்கும் கூடைகளுக்கும் 20 கிலோ போய்விடும். மீனின் எடையை x கிலோ என்றும் ஐஸின் எடையை y கிலோ என்றும் குறித்தால், முதல் வரம்பு x + y ≤ 280. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்குக் குறைந்தது ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது மீன் பாதுகாப்பில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு; ஆகவே இரண்டாவது வரம்பு y ≥ x. வாடிக்கைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்த மீன் 80 கிலோ என்றால் மூன்றாவது வரம்பு x ≥ 80. உங்கள் வீட்டு வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். அவற்றைக் கேட்டறிந்து அவற்றையே பயன்படுத்துங்கள். கணக்கின் போக்கு மாறாது.

இந்த மூன்று வரிகளை எழுதும்போதே மாணவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. "குறைந்தது 80 கிலோ" என்ற சொற்றொடரில் "குறை" என்று காதில் விழுவதால், பலர் x ≤ 80 என்று எழுதிவிடுகிறார்கள். அதேபோல் "280-க்கு மேல் வேண்டாம்" என்பதில் "மேல்" இருப்பதால் ≥ போடுகிறார்கள். சொல்லைப் பார்த்துக் குறியைப் போடாமல், ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள். 100 கிலோ மீன் கொண்டுவந்தால் வாடிக்கைக்காரர் திருப்தி அடைவாரா என்று கேளுங்கள். அடைவார் என்றால் 100-ஐ ஏற்கிற குறிதான் சரியானது. தமிழில் பேசும் மன்றத்தில் இந்த ஒரு குறிப்பே கேட்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இனிக் கரும்பலகையில் வரையுங்கள். y = x ஒரு சாய்கோடு, x + y = 280 அதைக் குறுக்கே வெட்டுகிற கோடு, x = 80 ஒரு செங்குத்துக் கோடு. மூன்றுக்கும் நடுவே (80, 80), (80, 200), (140, 140) ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட ஒரு முக்கோணம் அடைபடும். பிறகு மூன்று காலைகளை மூன்று புள்ளிகளாக வையுங்கள். ஒரு நாள் மீன் 100, ஐஸ் 130. புள்ளி முக்கோணத்துக்குள் விழுகிறது, எல்லாம் சரி. இன்னொரு நாள் மீன் 120, ஐஸ் 100. புள்ளி சாய்கோட்டுக்குக் கீழே விழுகிறது, மதியத்துக்குள் மீன் கெடும் வாய்ப்பு அதிகம். மற்றொரு நாள் மீன் 150, ஐஸ் 160. புள்ளி மேல்கோட்டைத் தாண்டிவிட்டது, வண்டிக்குச் சுமை கூடுதல். சமன்பாடு கோட்டின் மீதுள்ள புள்ளிகளை மட்டுமே பேசும். இந்த மூன்று காலைகளில் ஒன்றுகூடக் கோட்டின் மீது இல்லை என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். எந்தப் புள்ளி எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் வியாபாரம் செய்பவருக்குத் தேவை. அந்தப் பக்கத்தைச் சொல்கிற குறி சமன்பாட்டில் கிடையாது.

அதிகபட்சம் எவ்வளவு மீன் ஏற்றலாம் என்பது அடுத்த கேள்வி. ஐஸ் 280 − x-க்கு மிகாமலும், அதே சமயம் x-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதால் 280 − 2x ≥ 0, அதாவது −2x ≥ −280. இங்கே −2 ஆல் வகுக்கும்போது குறி திரும்பி x ≤ 140 என்று ஆகும். குறியைத் திருப்ப மறந்தால் x ≥ 140 என்று வரும், அதாவது 140 கிலோவுக்குக் குறைவாக ஏற்றவே கூடாது என்ற விபரீதமான விடை. 2 சிறியது, 5 பெரியது. ஆனால் −2 பெரியது, −5 சிறியது. குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் எண்கோட்டில் வரிசை தலைகீழாகிறது என்பதே காரணம். சந்தேகம் வந்தால் x = 100 என்று முதல் வரியில் வைத்துப் பாருங்கள்: 280 − 200 = 80, அது சுழியைவிடப் பெரியது. ஆகவே 100-ஐ ஏற்காத விடை தவறு.

இப்போது உங்கள் பேச்சின் உயிரான இடத்துக்கு வருகிறோம். இரண்டு கோடுகளையும் சமன்பாடுகளாகத் தீர்த்தால் 140 கிலோ மீன், 140 கிலோ ஐஸ் என்று அழகான விடை வரும். ஆனால் ஐஸ் பாராக வருகிறது. ஒரு பார் 50 கிலோ என்றும், முழுப் பாராகத்தான் வாங்க முடியும் என்றும் கொண்டால், 140 கிலோவுக்கு 2.8 பார் வேண்டும். அதை 3 என்று முழுமையாக்கினால் ஐஸ் 150, மீன் 140, தராசும் கூடையும் 20, மொத்தம் 310. வண்டி தாங்காது. 2 என்று குறைத்தால் ஐஸ் 100 கிலோதான், மீனுக்கு 40 கிலோ போதவில்லை. சமன்பாட்டின் விடையை எந்தப் பக்கம் முழுமையாக்கினாலும் ஏதோ ஒரு வரம்பு உடைகிறது. அசமன்பாடுகளுக்கே திரும்பிப் போய் ஒவ்வொரு பாராகப் பாருங்கள். 2 பார் என்றால் மீன் 100-க்கு மிகக்கூடாது. 3 பார் என்றால் ஐஸ் விதிப்படி 150 வரை போகலாம், ஆனால் எடை விதிப்படி 130-தான், ஆகவே 130. 4 பார் என்றால் எடை விதி மீனை 80-இலேயே நிறுத்திவிடும். இந்த வண்டியில் ஏற்றக்கூடிய அதிகபட்ச மீன் 130 கிலோ, அதுவும் 3 பார் ஐஸோடு. தேவைப்படும் பொருளை மேல்நோக்கியும், தாங்கக்கூடிய சுமையைக் கீழ்நோக்கியும் முழுமையாக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை அசமன்பாட்டின் குறி சொல்லிவிடுகிறது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் பழக்கம் இங்கே ஏமாற்றும்.

"ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற விதி எங்கிருந்து வந்தது?" என்று ஒரு நடுவர் நிச்சயம் கேட்பார். இதற்கான பதிலைப் புரிந்துகொண்டு சொன்னால் தலைப்பே நிறுவப்பட்டுவிடும். 100 கிலோ மீன் 30 டிகிரியில் இருக்கிறது, அதை 0 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி குளிர ஒரு கிலோகலோரி வெப்பத்தை இழக்க வேண்டும்; ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரியை இழுத்துக்கொள்ளும். மீனை வெறும் தண்ணீர் என்றே கொண்டால் 100 × 30 ÷ 80, அதாவது 37.5 கிலோ ஐஸ் உருகும். மீனில் புரதமும் கொழுப்பும் இருப்பதால் அதன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது வஞ்சிரத்துக்கு ஒன்று, நெத்திலிக்கு ஒன்று என்று மாறும். ஆனால் அந்த எண் நமக்குத் தேவையே இல்லை. குளிரவைக்கும் செலவு 37.5 கிலோவுக்கு மிகாது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அதோடு நின்று 38 கிலோ ஐஸ் போட்டு அனுப்பினால், மீன் குளிர்ந்தபின் வெயிலை எதிர்கொள்ள ஐஸ் ஏறக்குறைய இருக்காது. பெட்டியின் சுவர் வழியாகவும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் வெப்பத்தை யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. வியாசர்பாடி வரை போகும் வண்டிக்கு ஒரு கணக்கு, வண்ணாரப்பேட்டையோடு நிற்கும் வண்டிக்கு வேறு கணக்கு. 100 கிலோ மீனுக்குக் குறைந்தது 100 கிலோ ஐஸ் இருந்தால், அந்த வெப்பத்தைச் சமாளிக்க 62.5 கிலோவுக்குக் குறையாமல் மிஞ்சும். சமன்பாடு எழுத எல்லா எண்களும் துல்லியமாகத் தெரிய வேண்டும். பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தாலே அசமன்பாட்டை எழுதிவிடலாம், அது உண்மையாகவும் இருக்கும். என்னைப் பொறுத்தவரை உங்கள் தலைப்புக்கு இதைவிட வலுவான ஆதாரம் இல்லை. விதி போதுமானதாக இருந்ததா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம்: கடைசி மீனை விற்கும் நேரத்தில் பெட்டியில் மீனைச் சுற்றி இன்னும் ஐஸ் இருந்தால் போதுமானதாக இருந்தது, தண்ணீர் மட்டும் இருந்தால் அந்த வழிக்கும் அந்தப் பெட்டிக்கும் விகிதத்தைக் கூட்ட வேண்டும்.

"அப்படியானால் சமன்பாடு வீணா?" என்ற கேள்வியும் வரும். வீணில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் முனைகளைக் கண்டுபிடித்தது சமன்பாடுகள்தான். விலையை எடையால் பெருக்கினால் தொகை என்பதும் சமன்பாடுதான், அதில் எந்த வரம்பும் இல்லை. உங்கள் தலைப்பு வரம்புகளைப் பற்றியது மட்டுமே என்பதை நினைவூட்டினால் போதும்.

கடைசியாக ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள்: சரியாக 300 கிலோ ஏற்றினால் என்ன? குறி ≤ என்பதால் 300 அனுமதிக்கப்பட்டதே. ஆனால் எந்த எடைமேடையும் 300 என்பதைச் சரியாகக் காட்ட முடியாது. அந்த மேடை 2 கிலோ வரை கூடவோ குறையவோ காட்டக்கூடியது என்றால், 300 என்று காட்டும்போது உண்மையான எடை 298-க்கும் 302-க்கும் இடையே எங்கோ இருக்கிறது. எடை 300-க்குச் சமம் என்று அளந்து நிறுவ வழியே இல்லை. 300-க்கு மிகவில்லை என்று நிறுவ முடியும். மேடை 297 காட்டினால் உண்மை எடை 299-ஐத் தாண்டாது, வண்டி கிளம்பலாம். 299 காட்டினால் அது 301-ஆகவும் இருக்கலாம், ஒரு கூடையை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.