டிபன் பாக்ஸோடு அடிவாரத்தில்

மேடம், எனக்கு 39 வயது. சேலத்தில் ஒரு கம்பெனியில் 11 வருடம் ஸ்டோர் சூப்பர்வைசர். ஐந்து வாரம் முன்பு ஆள் குறைப்பு என்று 14 பேரை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. தினமும் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஏற்காடு அடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புகிறேன். கணக்குத் தீர்த்துத் தந்த 1,10,000 ரூபாய் பேங்கில் அப்படியே இருக்கிறது. தொட மனசு வரவில்லை. ஒன்றாம் தேதி ஒரு கடன் ஆப்பில் 25,000 வாங்கி, சம்பளம் என்று மனைவியிடம் கொடுத்தேன். மாதச் செலவு 23,000. மாமனார் ஊரெல்லாம் 'எங்க மாப்பிள்ளை சூப்பர்வைசர்' என்பார். எப்படிச் சொல்வேன்? தூக்கமே இல்லை.

— சேலம் வாசகர்

சார், கையில் ஒரு லட்சம் இருந்தும் வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைத் தொட்டால் வேலை போனது நிஜமாகிவிடும் என்ற பயம். அவமானம் இப்படித்தான் கணக்கைக் குழப்பும். வரும் ஒன்றாம் தேதிக்கும் 'சம்பளம்' வேண்டுமே, இன்னொரு ஆப்பைத் தேடுவீர்கள். அதனால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலை, பிள்ளைகள் வெளியே போன நேரமாகப் பாருங்கள். ராத்திரி வேண்டாம், இரண்டு பேருமே களைத்திருப்பீர்கள். சுற்றி வளைக்காமல், "எனக்கு வேலை போய் அஞ்சு வாரம் ஆச்சு. ஒன்னாம் தேதி குடுத்தது கடன் வாங்கின காசு" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கடனை மட்டும் மறைத்தால், அது தெரியவரும் நாளில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வேலை போனதைவிட இந்த ஐந்து வார நடிப்புதான் அவரை அதிகம் சுடும். அப்போது "உனக்காகத்தான் மறைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பழி அவர் தலையில் விழும். கோபப்படட்டும், அழட்டும், நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

அப்புறம் ஒரு தாளில் கணக்கு. முதலில் ஆப் கடனை அடைத்துவிடுங்கள். வட்டியோடு 28,000 என்று வைத்தாலும் 82,000 மிஞ்சும், மூன்றரை மாதம் ஓடும். கொடுத்த தொகையில் கிராஜுவிட்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் 11ஆலும் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 15,000 என்றால் சுமார் 95,000 வரும். சேரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் சேலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றே அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமனாரிடம் யார், எப்போது சொல்வது என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். அவருடைய அப்பாவை அவருக்குத்தானே தெரியும். திங்கட்கிழமை டிபன் பாக்ஸை மட்டும் நீங்களே எடுத்து அலமாரியில் வையுங்கள்.