ஒரே செய்தி மேலதிகாரிக்கும் போகும், பெரியவருக்கும் போகும், வாடிக்கையாளருக்கும் போகும். படிப்பவர் யார் என்று காட்டாமல் வாக்கியத்தை மரியாதையாக எழுதுவது எப்படி?

மரியாதையை விளிப்பில் வைக்காதீர்கள், வினைச்சொல்லில் வையுங்கள். ஐயா, அம்மா, சார், மேடம் எல்லாமே படிப்பவர் ஆணா பெண்ணா, நமக்கு மேலா கீழா என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். ‘அனுப்புங்கள்’ என்பதில் உள்ள ‘ங்கள்’ அப்படி எதையும் சொல்வதில்லை. முதலாளிக்கும் அதுதான், முன்பின் தெரியாதவருக்கும் அதுதான். தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் எழுதலாம் என்பதால் ‘நீங்கள்’ கூட எல்லா இடத்திலும் தேவைப்படாது.

பலர் இங்கே ‘தாங்கள்’ என்பதற்குத் தாவிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பதிவுப் படிவங்களைச் சரிபார்த்து, குறை இருந்தால் தெரிவிப்பது என் வேலை. எல்லோருக்கும் ஒரே வாசகம்தான்: ‘தாங்கள் அனுப்பிய படிவம் முழுமையாக இல்லை. தயவுசெய்து தாங்கள் மீண்டும் அனுப்பவும்.’ இது புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞருக்கும் போனது. அவர் நேரில் வந்து, “என் மேல் ஏதாவது கோபமா?” என்று கேட்டார். ‘தாங்கள்’ படிப்பவரை ஒரு படி மேலே ஏற்றும் சொல். அந்த உயரத்தில் இல்லாதவருக்கு அது குத்தலாகவோ விலகலாகவோ கேட்கிறது. அதாவது, படிப்பவர் யார் என்பதை அந்தச் சொல்லும் காட்டிவிடுகிறது.

அதே வாசகத்தில் இன்னும் இரண்டு கோளாறுகள் இருந்தன. ஒன்று, ‘அனுப்பவும்’. இதற்கு ஒருமை பன்மை பேதம் கிடையாது. அதனால் பொதுச் சொல் போலத் தோன்றும். ஆனால் அது அறிவிப்புப் பலகையின் நடை, ஒருவர் கையில் கிடைக்கும் செய்தியில் உத்தரவாகவே கேட்கும். ‘அனுப்புக’ என்ற வியங்கோளும் அப்படித்தான். இலக்கணப்படி எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொது என்றாலும் இன்று அது வினாத்தாளின் குரல். ‘தயவுசெய்து’ போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். உத்தரவுக்கு முன்னால் வரும் ‘தயவுசெய்து’ பொறுமை இழந்தவர் சொல்வதுபோல இருக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது கோளாறு முதல் வாக்கியத்தில் இருக்கிறது. ‘தாங்கள் அனுப்பிய படிவம் முழுமையாக இல்லை’ என்பதில் விரல் படிப்பவரை நோக்கி நீள்கிறது. குறையைச் சொல்லும் வாக்கியத்தில் ஆளை எழுவாயாக்காமல் பொருளை எழுவாயாக்கலாம்: ‘படிவத்தில் இரண்டாம் பக்கம் இல்லை.’ நடந்தது அதுதான், யார் விட்டார் என்ற பேச்சே இல்லை. ‘நீங்கள் பணம் கட்டவில்லை’ என்பதை ‘பணம் இன்னும் வந்து சேரவில்லை’ என்றும், ‘நீங்கள் பதில் சொல்லவில்லை’ என்பதை ‘எனக்குப் பதில் கிடைக்கவில்லை’ என்றும் எழுதலாம். சேர், கிடை, வா போன்ற வினைகள் இதற்குக் கைகொடுக்கும். ‘பெறப்படவில்லை’ என்று ‘படு’ போட்டு எழுதினாலும் ஆள் மறைவார். ஆனால் வாசகம் அலுவலகக் கோப்புபோல விறைத்துவிடும்.

இனி கேட்கும் வாக்கியம். வேண்டும், வேண்டாம், முடியும், போதும், கூடாது, ‘லாம்’ என்று முடியும் வினைகள் ஆகியவற்றுக்கு நீ, நீங்கள் என்ற வேறுபாட்டைக் காட்டும் விகுதி கிடையாது. ‘அனுப்ப முடியுமா?’ என்பதை யாரிடமும் கேட்கலாம். ‘அனுப்பாதீர்கள்’ என்பதைவிட ‘அனுப்ப வேண்டாம்’ மென்மையாக இருப்பதும் இதனால்தான். பேச்சில் இதை எல்லோரும் செய்கிறோம். நீ என்பதா நீங்கள் என்பதா என்று குழப்பம் வந்தால் “கிளம்பியாச்சா?” என்று கேட்டுவிடுகிறோம், இல்லையா?

ஆனால் இதோடு நின்றால் ஒரு சிக்கல். விகுதியே இல்லாத வாக்கியத்தில் அவமரியாதையும் இல்லை, மரியாதையும் இல்லை. நான்கு வாக்கியங்கள் முழுக்க இப்படியே போனால், இவர் நம்மை எப்படி அழைப்பது என்று தயங்குகிறார் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஓரிடத்திலாவது ‘உங்கள்’ அல்லது ‘ங்கள்’ தெளிவாக வரவேண்டும். ஒன்று போதும், அது மற்ற வாக்கியங்களுக்கும் சேர்த்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி ‘தா’ என்ற துணைவினை. ஒரு பொருளைத் தரும்படி கேட்பவரின் நிலையைப் பொறுத்து அவர் கேட்கும் சொல் மாறும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது: ‘ஈ’ தாழ்ந்தவர் கேட்பது, ‘தா’ ஒத்தவர் கேட்பது, ‘கொடு’ உயர்ந்தவர் கேட்பது. இன்று அந்தக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. ஆனாலும் ‘தா’ இன்றைக்கும் சரியான இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அனுப்புங்கள்’ என்றால் வேலை, ‘அனுப்பித் தாருங்கள்’ என்றால் எனக்காகச் செய்யும் உதவி. கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை.

என் வாசகம் இப்போது இப்படி இருக்கிறது:

‘வணக்கம். படிவம் வந்து சேர்ந்தது, அதில் இரண்டாம் பக்கம் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பித் தர முடியுமா? கிடைத்ததும் உங்கள் பதிவை முடித்துவிடுகிறேன். நன்றி.’

தொடக்கத்தில் ‘வணக்கம்’ போதும். முடிவில் ‘தங்கள் பணிவுள்ள’ என்று போட்டால் இத்தனை நேரம் காத்த நடுநிலை அங்கே உடையும்.

அனுப்புவதற்கு முன் நான் மூன்று முறை வாய்விட்டுப் படிப்பேன். முதலில் ‘ஐயா’ சேர்த்து, பிறகு ‘தம்பி’ சேர்த்து. இரண்டுமே இயல்பாக ஒட்ட வேண்டும். ‘தம்பி, தாங்கள்...’ என்று படித்தாலே இடறும், அங்கே மரியாதை கூடிப்போயிருக்கிறது. மூன்றாவதாக, ‘நீ’, ‘உன்’ என்று பேசும் தொனியில் முழுவதையும் படிக்கப் பார்ப்பேன். எங்குமே தடுக்காமல் ஓடினால் மரியாதை எங்கும் பதியவில்லை என்று பொருள். மேலே உள்ள வாசகத்தில் ‘உங்கள் பதிவை’ என்ற இடம் தடுத்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கட்டாயமான காரியத்தை ‘முடியுமா’ என்று கேட்காதீர்கள். முடியாது என்று சொல்லவும் இடமிருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார், பிறகு தேதி தவறினால் கடுமையாக எழுத வேண்டிவரும். அந்த நேரத்தில் நிபந்தனையை அப்படியே சொல்லுங்கள்: ‘அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால்தான் இந்த மாதப் பதிவில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியும்.’ இதில் ஏவலே இல்லை, செய்ய வேண்டியது என்ன என்பதில் ஐயமும் இல்லை.