37 ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, வழக்கு இருக்கிறதா?

கேள்வி: 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டு நான்கு மாதம் ஆகிறது. ராத்திரியில் போனில் பார்த்தால் 38, 41 என்றுதான் வருகிறது. லேப்டாப்பில் வயர் போட்டுப் பார்த்தாலும் 94-ஐத் தாண்டியதில்லை. ஒரே ஒரு நாள் காலையில் போனில் 187 வந்தது. மொத்தம் 37 ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். கஸ்டமர் கேரில் எடுத்தெறிந்து பேசுகிறார்கள். வெறுத்துப்போய் இரண்டு மாதமாக பில் கட்டவில்லை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட இது போதுமா?

பதில்: போதாது. கஸ்டமர் கேரில் எப்படிப் பேசினார்கள் என்பதை இத்தோடு விட்டுவிடுங்கள். வழக்கில் அது நிற்காது. எந்த இடம் வரைக்கும், குறைந்தது எவ்வளவு வேகம் தருவதாக உங்கள் ஒப்பந்தம் சொல்கிறது? வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் 200-க்குப் பக்கத்தில் 'வரை' என்று ஒரு சொல் இருக்கும். அது உச்சவரம்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் குறைவு தொடர்ந்து இருந்தது, அது அவர்கள் பக்கத்துக் குறைவு என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம் என்று ஓர் எண் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 200-ஐ மறந்துவிடலாம்.

இனி உங்கள் படங்களை எதிர்த்தரப்பு வக்கீல் எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். அவர் முதலில் கையில் எடுப்பது 187-ஐத்தான். 'லைன் 187 தருகிறது என்பதை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார், மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் கோளாறு' என்பார். அடுத்து, வயரில் வந்த 94. உங்களுக்கு வலுவான ஆதாரமாகத் தெரிவது, விஷயம் தெரிந்தவருக்கு உங்கள் வழக்கின் ஓட்டையாகத் தெரியும். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில், டேட்டாவின் ஒவ்வொரு துண்டோடும் ஒட்டிப் போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்குப் போக மிஞ்சுவது ஏறக்குறைய 94. அதாவது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே எங்கோ இணைப்பு நூறில் நிற்கிறது. பழைய போர்ட்டாக இருக்கலாம். கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கலாம். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், நூறுக்கு இரண்டு போதும் என்பதால் கேபிள் வேலை செய்வதுபோலவே இருக்கும். வேகம் ஒருநாள் 60, ஒருநாள் 120 என்று ஆடாமல் ஒவ்வொரு முறையும் 94-இலேயே வந்து முட்டுவதுதான் இதற்கு அடையாளம். விண்டோஸ் பவர்ஷெல்லில் இதை அடித்துப் பாருங்கள்:

```
Get-NetAdapter | Select Name, LinkSpeed
```

வயர் இணைப்புக்கு நேராக 100 Mbps என்று வந்தால் நிறுவனத்தின் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. 1 Gbps என்று வரும்வரை கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். ரவுட்டர் அவர்கள் கொடுத்ததாக இருந்து, போர்ட் அதில்தான் நூறு என்றால் கதை தலைகீழாகிவிடும். அப்போது அந்தப் போர்ட்டே உங்கள் சாட்சி.

38-உம் 41-உம் வைஃபையில் எடுத்தவை. போன் அப்போது வைஃபையின் மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்ததா, வேகமான 5-இல் இருந்ததா என்பது படத்தில் தெரியாது. சுவர் தாண்டி 2.4-இல் நாற்பது வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்று காலை போன் ரவுட்டருக்குப் பக்கத்தில் 5-இல் இருந்திருந்தால், 187-ஐயும் 38-ஐயும் அருகருகே வைத்து நீங்கள் ஒப்பிட்டது காலையையும் இரவையும் அல்ல, இரண்டு அறைகளை.

இரண்டு படங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அவற்றுக்கிடையே கடிகாரம் மட்டும்தான் மாறியிருக்க வேண்டும். அதே லேப்டாப், அதே கேபிள், வைஃபை அணைத்து, விபிஎன் அணைத்து, வீட்டில் மற்ற சாதனங்களைத் துண்டித்து, அதே சோதனைத் தளம், அதே சர்வர். சர்வரைத் தளமே தேர்ந்தெடுக்க விட்டால் இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாறும். சில நேரம் அது உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும், சில நேரம் வெளியே. அதனால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டை நீங்களே தேர்ந்தெடுத்து, தனித்தனி அட்டவணையாக எழுதுங்கள். ஏழு நாள், காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று மூன்று வேளை. காலையில் 180, இரவில் 40 என்று ஏழு நாளும் வயரில் வந்தால் அது நெரிசல். பகிர்ந்துகொடுக்கும் லைனில் ஆளைக் கூட்டிவிட்டார்கள் என்று அப்போது பேச இடம் இருக்கிறது.

நல்ல எண் வந்த வேளையையும் எழுதுங்கள். கட்சிக்காரர்கள் வழக்கமாக விழும் குழி இது: குறைவாக வந்ததை மட்டும் பிடித்து வைப்பார்கள், குறுக்கு விசாரணையில் 'மற்ற சோதனைகள் எங்கே' என்று கேட்டதும் மொத்தமும் சாயம் போய்விடும். படத்தை வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது சுருங்கி, கோப்புக்குள் இருந்த விவரங்களை இழந்திருக்கும். படத்தைவிட முடிவின் இணைப்பு வலுவானது. Speedtest தளத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் எண் இருக்கிறது. அதைத் திறந்தால் நேரமும் சர்வரும் தளத்தின் பதிவிலிருந்தே வரும்.

இன்னொன்று, டேட்டா வரம்பு. 200 எம்பிபிஎஸ் லைனில் பத்து விநாடி பதிவிறக்கச் சோதனையே 250 எம்பி தின்னும். வரம்பு தாண்டினால் வேகத்தைக் குறைக்க ஒப்பந்தம் இடம் கொடுத்திருந்தால், உங்கள் 38-கள் பில் சுழற்சியின் கடைசி நாட்களில் குவிந்திருக்கின்றனவா என்று தேதியைப் பாருங்கள். குவிந்திருந்தால் அந்தப் படங்களை வெளியே எடுக்காதீர்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தை நீங்களே உண்டாக்கி வைத்திருக்கிறீர்கள்: பில் நிறுத்தியது. வேகம் குறைந்ததற்குப் பணத்தை நிறுத்திவைக்கும் உரிமையை ஒப்பந்தம் உங்களுக்குத் தந்திருக்காது. தாமதக் கட்டணம் போடவும் லைனைத் துண்டிக்கவும் அவர்களுக்குத் தந்திருக்கும். இப்போது ஒப்பந்தத்தை மீறியவர் என்று எழுத்தில் இருப்பது நீங்கள். நீங்கள் நஷ்டஈடு கேட்டால் அவர்கள் நிலுவையையும், மீதி எட்டு மாதத்துக்கான முன்விலகல் கட்டணத்தையும் எதிர்க்கோரிக்கையாக வைப்பார்கள். லைன் துண்டிக்கப்பட்டால் ஏழு நாள் அளவீடும் எடுக்க முடியாது. ஆகவே முதல் வேலை, நிலுவையைக் கட்டுங்கள். 'ஆட்சேபத்துடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று அதே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் எண் வாங்குங்கள். போனில் சொன்ன புகாரை நம்பி நிற்காதீர்கள்.

அதன்பிறகும் வழக்கு வேண்டாம் என்பதே என் யோசனை. நீங்கள் கேட்கக்கூடியது கிடைத்த வேகத்துக்கும் கட்டிய கட்டணத்துக்கும் இடையிலான நான்கு மாத வித்தியாசம்தான். மன உளைச்சலுக்கு ஏதாவது கிடைத்தாலும் அலைச்சலுக்கு ஈடாகாது. ஏழு நாள் அட்டவணையை வைத்துக்கொண்டு சமரசம் பேசுங்கள்: முன்விலகல் கட்டணம் இல்லாமல் ஒப்பந்தம் முடிய வேண்டும், வைப்புத்தொகை திரும்ப வேண்டும், தாமதக் கட்டணம் நீங்க வேண்டும். மூன்றுக்கும் ஒத்துக்கொண்டால் அன்றே முடித்துக்கொள்ளுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரவுட்டரைத் திருப்பும்போது அதன் சீரியல் எண் போட்ட ரசீது வாங்குங்கள்; இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து ரவுட்டர் விலைக்குத் தனியாக ஒரு பில் வரும்.