ஏற்காடு மலைப்பாதையில் லேசான உரசல்: முதல் ஒரு மணி நேரம்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது எதிரே வந்த காருடன் லேசாக இடித்துவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. இப்படி நடந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சேலத்தில் ஒரு கார் பட்டறையில் ஐந்து வருடம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலை பார்த்தேன். எனக்கும் இதே மலையில் இதே மாதிரி ஒரு முறை நடந்திருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு. நான் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஏறிய வண்டி வளைவை அகலமாக எடுத்ததில் அதன் முன்பக்க மூலை என் பம்பரிலும் வலது ஃபெண்டரிலும் இடித்தது. முதலில் இரண்டு வண்டியிலும் இருந்த எல்லோரையும் இறங்கச் சொல்லி, நாலடி நடக்கவைத்து, கழுத்தோ முதுகோ வலிக்கிறதா என்று கேட்டோம். யாருக்காவது வலி இருந்தால் அது வேறு கணக்கு. 108, பிறகு போலீஸ், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அடுத்தது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவைப்பது. நான்கு இன்டிகேட்டரையும் போட்டால் மட்டும் மலைவளைவில் போதாது. திரும்பிய பிறகுதான் உங்கள் வண்டியே கண்ணில் படும். அதனால் சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைக்காமல் வளைவுக்கு அந்தப்பக்கம் வையுங்கள், இல்லை ஓர் ஆளை ஓரமாக நிறுத்துங்கள். சரிவில் சக்கரத்துக்குக் கல் கொடுத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போட மறக்காதீர்கள். இரவில் இறங்கும் பைக்குக்கு அந்தக் கல் போதும்.

மேலிருந்து பஸ் ஹாரன் அடிக்கும். அப்போதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் இரண்டு நிமிடம் படம் எடுங்கள். எல்லோரும் உடைந்த இடத்தைக் கிட்டத்தில் எடுப்பார்கள். அதில் ஒரு நெளிவு தெரியும், எப்படி இடித்தது என்று தெரியாது. இரண்டு வண்டியும், சாலையின் இரண்டு ஓரமும், முடிந்தால் வளைவு எண் பலகையும் ஒரே படத்தில் வர வேண்டும். யார் எந்தப் பக்கம் இருந்தார், சக்கரம் எந்தப்பக்கம் திரும்பியிருந்தது, கண்ணாடித் தூள் எங்கே விழுந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பிறகு எதிர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, அடிபடாத பக்கங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

நகர்த்தி அகலமான இடத்தில் நிறுத்திய பிறகு விவரம் மாற்றிக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவர் தன் பெயர், முகவரியைக் கொடுத்துக் கேட்டால், டிரைவரும் தன் பெயர், முகவரியோடு வண்டி உரிமையாளருடையதையும் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 132ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் படம் எடுத்தால் போதும். ஒரிஜினல் லைசென்ஸையோ சாவியையோ யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அவர் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்பதை mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டு அங்கேயே பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் வாய் தவறும். எதிரே வந்தவர் என்னைப் பார்த்து, "அண்ணா, ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்" என்றார். சாலை குறுகலாக இருந்தால் விதி அப்படித்தான். அவர் அகலமாக வந்ததும் உண்மை. நான் வாதம் பண்ணவில்லை. "தப்பு என்னுதுதான், செலவை நான் பார்த்துக்கிறேன்" என்றும் சொல்லவில்லை. நம் ஊர் கார் பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு: கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது. நல்ல மனதோடு எழுதிக் கொடுத்த ஒரு வரி பிறகு க்ளெய்மில் இடறும்.

அப்புறம் வண்டி ஓடுமா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி டயர் ஃபெண்டரில் உரசுகிற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். குனிந்து அடியில் பாருங்கள். சொட்டுகிற நீரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நிறமும் வழவழப்பும் இல்லாவிட்டால் ஏ.சி. தண்ணீர். பச்சையாகவோ ரோஸாகவோ இருந்து, விரலில் வழுக்கி, லேசாக இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். அப்போது இன்ஜினை நிறுத்திவிட்டு மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ரிப்பேர் செய்யாமல் ஓட்டி அதனால் கூடும் சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. 'அடிவாரம் வரை போயிடலாம்' என்று இறங்கி, பம்பரில் முடிய வேண்டிய செலவை இன்ஜின் வரை கொண்டுபோனவர்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, க்ளெய்ம் போடுவதா, கையிலிருந்து கட்டுவதா? எனக்கு மொத்தம் 11,500 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் போனிலேயே சொன்னார்கள். அதில் பம்பர் 6,000. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானக் கழிவு 50 சதவீதம், அதாவது 3,000 நம் தலையில். ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக, க்ளெய்மில் அதிகபட்சம் 7,500தான் கைக்கு வரும். மறுபக்கம் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத ஒவ்வொரு வருடத்துக்கும் பிரீமியத்தில் கூடிக்கொண்டே போகும் தள்ளுபடி. எனக்கு அப்போது 35 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த புதுப்பித்தலில் 45 ஆக வேண்டியது. சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்று வைத்தால் அது 3,600 ரூபாய் தள்ளுபடி. க்ளெய்ம் போட்டால் பூஜ்யம். அதற்கடுத்த வருடம் 50க்குப் பதில் 20, அங்கே 2,400 நஷ்டம். அதன் பிறகு 50க்குப் பதில் 25, அங்கே 2,000. மூன்று வருடத்திலேயே 8,000 போய்விடுகிறது. அதனால் கையிலிருந்தே கட்டினேன். தேய்மானம் கழிக்காத பாலிசி இருந்தாலோ, ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து போயிருந்தாலோ க்ளெய்ம் போட்டிருப்பேன். போடுவதாக இருந்தால் அங்கிருந்தே கம்பெனிக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் பட்டறையில் கை வைக்கவிடாதீர்கள். காயமில்லாத சின்ன சேதத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கேட்பதில்லை. ஆனால் எதிராளி குடித்திருந்தாலோ, மிரட்டினாலோ, தடுப்புச்சுவர் உடைந்திருந்தாலோ 112.

நாங்கள் இருவரும் அவரவர் செலவை அவரவரே பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண், யாருக்கும் காயம் இல்லை, ஒருவர் மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்று ஐந்து வரி. யார் தப்பு என்று எழுதவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டு, இருவர் போனிலும் படம் எடுத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து அவர் போன் செய்தார். பின் கதவிலும் கோடு விழுந்திருக்கிறது, பாதிச் செலவு கொடுங்கள் என்றார். அன்று அவர் வண்டியைச் சுற்றி எடுத்த படங்களில் பின் கதவு தெரிகிற ஒன்றை அனுப்பினேன். அந்தக் கோடு அப்போதே துருப்பிடித்து இருந்தது. "சரிங்கண்ணா" என்று ஒரு மெசேஜ் வந்தது, அதோடு முடிந்தது.