சொஃப்ட்மக்ஸ் தரும் 0.97-ஐ எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நெல் இலைப் படத்தைப் பார்த்து எரிபந்தம், கபிலப் புள்ளி, ஆரோக்கியமான இலை என்று மூன்றாகப் பிரிக்கும் மொடல் ஒன்று செய்திருக்கிறேன். சொஃப்ட்மக்ஸ் தரும் மூன்று எண்களையும் கூட்டினால் எப்போதும் 1 வருகிறது. அப்படியென்றால் எரிபந்தம் 0.97 என்று வரும்போது, 97 வீதம் நிகழ்தகவு என்று விவசாயியிடம் சொல்லலாமா?

பதில்:

அப்படியே சொல்லிவிட வேண்டாம். கூட்டினால் 1 வருவது உண்மைதான், ஆனால் அது மொடல் கற்றுக்கொண்ட விஷயம் இல்லை. மொடல் ஒவ்வொரு வகைக்கும் முதலில் தரும் பச்சை எண்ணை லொஜிட் என்கிறோம்; சொஃப்ட்மக்ஸ் ஒவ்வொரு லொஜிட்டையும் e-யின் அடுக்காக்கி, பிறகு மொத்தத்தால் வகுக்கிறது. மொத்தத்தால் வகுத்த எதுவும் கூடினால் 1 தான். பயிற்சியே கொடுக்காத மொடலுக்குள் ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள், அதுவும் 1 என்றே கூடும். (சில வேளை 0.9999999 என்று வந்தால் கவலைப்பட வேண்டாம், அது கணினி தசம எண்களைச் சேமிக்கும் விதத்தால் வருவது.)

நான் கிளிநொச்சிப் பக்கம் நெல் வயல் படங்களோடு வேலை செய்கிறேன், அதனால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது. வரம்பில் நிற்கிற ஐயா "தம்பி, இதுக்கு மருந்து அடிக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்கும்போது நாம் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் அவருடைய காசு இருக்கிறது. ஆகவே அந்த எண் எங்கே சரியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு படத்துக்கு லொஜிட்டுகள் 2, 1, 0 என்று வருகின்றன என வைத்துக்கொள்ளுங்கள். சொஃப்ட்மக்ஸ் 0.665, 0.245, 0.090 என்று தரும். இப்போது லொஜிட்டுகளை இரண்டால் பெருக்குங்கள், அதாவது 4, 2, 0. விடை 0.867, 0.117, 0.016 ஆகிறது. மூன்றால் பெருக்கினால் முதல் எண் 0.950-ஐத் தொடுகிறது. மூன்று முறையும் முதலிடத்தில் நிற்பது அதே வகைதான். எல்லாப் படங்களுக்கும் இப்படிப் பெருக்கினாலும் உங்கள் துல்லியம் ஒரு புள்ளிகூட மாறாது. ஆனால் விவசாயிக்குச் சொல்லும் எண் 66.5-இலிருந்து 95 வீதத்துக்குப் போய்விட்டது. துல்லியம் யார் முதலாவது என்பதை மட்டும் பார்க்கிறது. எவ்வளவு தூரம் முன்னால் என்பதை அது பார்ப்பதே இல்லை. ஆகவே "என் மொடலின் துல்லியம் 94, அதனால் அதன் நிகழ்தகவும் சரியாக இருக்கும்" என்று வாதிட முடியாது.

அப்படியானால் அந்தப் பெருக்கத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? பயிற்சியில் நாம் குறைக்கும் குரொஸ் என்ட்ரோபி இழப்பு. இதற்கு நியாயம் செய்ய வேண்டும்: அந்த இழப்பு நல்ல இழப்பு. தரவு எல்லையில்லாமல் இருந்து, மொடலும் போதிய வலுவோடு இருந்தால், இழப்பு மிகக் குறையும் இடம் உண்மையான நிகழ்தகவுதான். சிக்கல் வருவது தரவு குறைவாகவும் மொடல் பெரிதாகவும் இருக்கும்போது. பயிற்சிப் படங்கள் எல்லாவற்றையும் மொடல் சரியாகப் பிரித்த பிறகும் இழப்பு பூச்சியம் ஆவதில்லை, 0.95-ஐ 0.99 ஆக்கினால் இன்னும் குறையும். அதற்கு மொடலுக்கு உள்ள இலகுவான வழி லொஜிட்டுகளைப் பெரிதாக்குவது. அது நோயைப் பற்றிப் புதிதாக எதையும் கற்கவில்லை, குரலை மட்டும் உயர்த்துகிறது. பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த சரிபார்ப்புத் தொகுதியில் துல்லியம் அசையாமல் நிற்க, இழப்பு மட்டும் ஏறத் தொடங்கினால் இதுதான் நடக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 2017-இல் சுவான் குவோவும் அவருடைய கோர்னெல் பல்கலைக்கழகச் சகாக்களும் இதை விரிவாகக் காட்டினார்கள்: பழைய ஐந்து அடுக்கு லெநெட் மொடல் சொன்ன நம்பிக்கை உண்மைக்குக் கிட்ட இருந்தது, 110 அடுக்கு ரெஸ்நெட் மொடல் துல்லியத்தில் முந்தினாலும் தன்னைப் பற்றி அளவுக்கு மிஞ்சி நம்பியது.

உங்கள் மொடலும் அப்படியா என்று பார்ப்பது கடினமில்லை. பயிற்சியில் சேராத படங்களில், மொடல் 0.9-க்கு மேல் சொன்னவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். 200 படங்கள் அகப்பட்டன, அவற்றின் சராசரி நம்பிக்கை 0.96, உண்மையில் சரியானவை 168 என்று வைப்போம். 168-ஐ 200-ஆல் வகுத்தால் 0.84. அதாவது 96 என்று சொல்லும் இடத்தில் உங்கள் மொடலின் பெறுமதி 84. இதையே 0.8 முதல் 0.9 வரை, 0.7 முதல் 0.8 வரை என்று ஒவ்வொரு கட்டுக்கும் செய்யுங்கள். ஒரு கட்டில் 20 படம் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். 200 படத்தில் அந்த 84, கூடிக் குறையும் அளவு ஏறத்தாழ 5 வீதம். 20 படத்தில் அது 16 வீதம், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

திருத்த வழி எளிது. எல்லா லொஜிட்டையும் ஒரே எண்ணால், T என்று வைப்போம், வகுத்துவிட்டுச் சொஃப்ட்மக்ஸ் போடுவது. இதை வெப்பநிலைத் திருத்தம் என்கிறார்கள். மேலே சொன்ன 4, 2, 0-க்கு T = 2 என்றால் 0.867 மறுபடி 0.665 ஆகிவிடும். மொடலைத் தொட வேண்டியதில்லை, சரிபார்ப்புத் தொகுதியின் லொஜிட்டுகளைச் சேமித்துவைத்து T-ஐ மட்டும் தேடினால் போதும்:

```python
import torch
import torch.nn.functional as F

T = torch.ones(1, requires_grad=True)
opt = torch.optim.LBFGS([T], lr=0.05, max_iter=100)

def closure():
    opt.zero_grad()
    loss = F.cross_entropy(val_logits / T, val_labels)
    loss.backward()
    return loss

opt.step(closure)
```

T 1-ஐ விடப் பெரிதாக வந்தால் மொடல் மிகையாக நம்புகிறது என்று பொருள். முதலிடம் மாறாது, ஆகவே துல்லியமும் மாறாது. எந்த T போட்டாலும் கூட்டுத்தொகை 1 தான் என்பதையும் கவனியுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வயலில் அடுத்தடுத்து எடுத்த படங்களைக் குலுக்கிப்போட்டுப் பயிற்சிக்கும் சரிபார்ப்புக்கும் பிரித்தால், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே படம்தான் இருக்கும். T அழகாக 1-க்குக் கிட்ட வரும், நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். படமாகப் பிரிக்காமல் வயலாகப் பிரியுங்கள்: இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் பயிற்றினால், முத்தையன்கட்டுப் பக்கத்துப் படங்களில் சரிபாருங்கள். காலபோகப் படங்களில் பயிற்றினால் சிறுபோகப் படங்களிலும் ஒருமுறை பாருங்கள்.

சரி, T-யும் கண்டுபிடித்தாயிற்று, கட்டுகளும் ஒத்துவருகின்றன. அப்போதும் 0.90 என்பது வயலில் 90 வீதம் ஆகாத ஒரு நிலை உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பயிற்சிக்கு நாம் ஒவ்வொரு வகையிலும் சம அளவு படம் சேர்ப்பது வழக்கம். வயலில் அப்படியா? கணக்கு எளிதாக இருக்க எரிபந்தம், ஆரோக்கியம் என இரண்டு வகை மட்டும் எடுப்போம். பயிற்சியில் பாதிக்குப் பாதி. நீங்கள் போகும் வயலில் இருபது இலைக்கு ஒன்றில்தான் எரிபந்தம். மொடல் ஓர் இலைக்கு எரிபந்தம் 0.90, ஆரோக்கியம் 0.10 என்கிறது. ஒவ்வொன்றையும் வயலின் பங்கால் பெருக்கி, பயிற்சியின் பங்கால் வகுக்க வேண்டும். எரிபந்தம்: 0.90 × 0.05 ÷ 0.5 = 0.09. ஆரோக்கியம்: 0.10 × 0.95 ÷ 0.5 = 0.19. மொத்தம் 0.28, அதில் எரிபந்தத்தின் பங்கு 0.32. தொண்ணூறு என்று சொன்னது முப்பத்திரண்டாக இறங்கிவிட்டது, அதுவும் மொடலில் ஒரு குறையும் இல்லாமல். நோய் பரவிப் பாதி இலைகளில் இருக்கும் வயலில் அதே 0.90 சரியாக 0.90 தான். ஆகவே அந்தப் பகுதியில் நோய் எவ்வளவு தெரிகிறது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியாமல் அந்த எண்ணை வெளியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் சொல்லும் "அங்கொன்று இங்கொன்றுதான்" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இவ்வளவு எடை இருக்கிறது.

கடைசியாக, எந்தத் திருத்தத்தாலும் தீராத ஒன்று. லொஜிட்டுகள் 2, 1, 0 என்று இருந்தாலும், -20, -21, -22 என்று இருந்தாலும் சொஃப்ட்மக்ஸ் அதே 0.665, 0.245, 0.090 தான் தரும். அது வித்தியாசங்களை மட்டுமே பார்க்கிறது. "இந்த மூன்றில் எதற்கும் என்னிடம் சான்று இல்லை" என்று சொல்ல அதற்கு வாயில்லை, ஏனென்றால் மொத்தம் 1-ஐ யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும். நாகக் குறைபாட்டால் கபில நிறப் புள்ளி விழுந்த இலையைக் காட்டினால், உங்கள் மொடல் அதைக் கபிலப் புள்ளி நோய் என்று துணிந்து சொல்லக்கூடும். அதை நம்பிப் பங்கசு கொல்லி அடித்தால் பயிர் தேறாது. T இங்கே உதவாது, ஏனெனில் T-ஐக் கண்டுபிடித்த படங்களில் இப்படி ஓர் இலையே இல்லை. செய்யக்கூடியது, குறைபாட்டு இலைகளையும் களைகளையும் மங்கலான படங்களையும் சேர்த்து நான்காவது வகை ஒன்று வைப்பது. அப்போதும் நீங்கள் சேர்க்காத ஒன்று வரும், ஆகவே பெரிய லொஜிட்டே வழமையைவிட மிகக் கீழே இருக்கும் படங்களைத் தனியாக ஒதுக்கி மனிதர் ஒருவர் பார்க்கும்படி செய்யுங்கள். இந்த ஒதுக்கல் பூரணமில்லை, வினோதமான படத்துக்கும் உயர்ந்த லொஜிட் வரலாம், ஆனால் ஒன்றும் இல்லாததைவிட நல்லது.

நானாக இருந்தால் விவசாயியின் திரையில் வீதம் காட்ட மாட்டேன். T-யும் வயலின் பங்கும் சேர்த்துத் திருத்திய எண் உயரமாக இருந்தால் "எரிபந்தமாக இருக்கலாம், பக்கத்து இலைகளிலும் இரண்டு முனையும் கூரான புள்ளி தெரிகிறதா பாருங்கள்" என்றும், நடுவில் இருந்தால் "படத்தைப் போதனாசிரியருக்கு அனுப்புங்கள்" என்றும் காட்டுவேன். எண்ணைப் போதனாசிரியரின் திரையில் வைப்பேன். அவர் வயலுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லும் விடைகளைச் சேர்த்துவைத்தால், ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் மேலே சொன்ன 200-க்கு 168 கணக்கை உண்மையான வயல் படங்களில் திரும்பப் போட்டு, T-ஐ மாற்றிக்கொள்ளலாம்.