நாணல் பேனாவுக்கு ஏற்ற தாள் எது?

அன்புள்ள சார்,

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் வெட்டி வந்த தட்டையில் பேனா செய்தேன். கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மையும் காய்ச்சினேன். நோட்டுத் தாளில் எழுதினால் எழுத்து பூத்துப் பரவிவிடுகிறது. மாதக் காலண்டரின் பளபளப்பான பக்கத்தில் எழுதினால் மை உருண்டு உருண்டு நிற்கிறது. எனக்கு அழகான எழுத்து வேண்டாம். முரட்டுத்தனமாக, ஓரம் கிழிந்த மாதிரி வேண்டும். ஒரு குறளைப் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்ட ஆசை. இதற்கு எந்தத் தாள் வாங்க வேண்டும்?

கோமதி, அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள கோமதி,

பெரிய விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பேனாவுக்கும் பெரிய குறை இருக்காது. மையைக் கொஞ்சம் திருத்தி, தாளுக்குக் கொஞ்சம் கஞ்சி காட்டினால் போதும். கஞ்சிக்கு வேண்டிய ஜவ்வரிசி உங்கள் ஊர்ச் சரக்குதான்.

நோட்டுத் தாள் பால்பாயின்ட் பேனாவை மனதில் வைத்துச் செய்தது. மைப் பேனாவைக்கூட ஓரளவு தாங்கும். ஆனால் தட்டைப் பேனா ஒரே இழுப்பில் இறக்கும் மை அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு ஈரத்தைக் கண்டதும் தாளின் நார்கள் திரி எண்ணெயை இழுப்பதுபோல மையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்கின்றன. காலண்டர்த் தாளில் இதற்கு நேர்மாறு. அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசி மெருகேற்றியிருப்பதால் நார் மையைத் தொடவே முடியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: மையை உடனே குடிக்காத, ஆனால் தடவினால் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படுகிற தாள். ஓரம் கிழிந்த எழுத்து அந்தச் சொரசொரப்பில்தான் பிறக்கிறது. மை குறைந்துபோன பேனா வேகமாக ஓடும்போது தாளின் மேடுகளில் மட்டும் மை ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். மேடு பள்ளம் இல்லாத தாளில் நீங்கள் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அது வராது.

தாளுக்கு வரும் முன் மையைப் பாருங்கள். நீங்கள் பிசின் பற்றி எழுதவே இல்லை, அதனால் போடவில்லை என்று நினைக்கிறேன். கடுக்காய் மை பிசின் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்தான், எந்தத் தாளிலும் ஓடும். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, பொடித்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டிச் சேருங்கள். 100 மில்லி மைக்கு 5 கிராம் பிசினில் தொடங்கலாம். இழுத்த கோடு ஈரமாக இருக்கும்போது சாய்த்துப் பாருங்கள். தாளின் மேல் லேசாக மேடு கட்டி மினுங்கினால் பதம் சரி. காய்ந்த பிறகும் வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கினால் பிசின் அதிகம். தாளை வளைத்தால் வெடிக்கும்.

அன்னபேதியிலும் ஒரு கணக்கு உண்டு. சீக்கிரம் கறுக்க வேண்டும் என்று அதை அள்ளிப் போடுகிறவர்கள் அதிகம். 50 கிராம் கடுக்காய்த் தோலை அரை லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால், அதற்கு 15 கிராம் அன்னபேதி தாராளம். எழுதும்போது கொஞ்சம் வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுக்கும். அன்னபேதியில் உள்ள இரும்பு மிஞ்சித் தாளில் தங்கினால் நாளாவட்டத்தில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டும், கடைசியில் தாளையே அரிக்கும். அதோடு, இந்த மை வெளிச்சத்தில் மெல்லப் பழுப்பாக மாறுகிற மை. டைரிக்குள் இருந்தால் பரவாயில்லை, நீங்கள் சுவரில் மாட்டப் போகிறீர்கள். அதனால் கொஞ்சம் விளக்குக் கரியும் சேர்த்துவிடுங்கள். கரி வெளுக்காது. ஆனால் கரியை நேராக மைக்குள் கொட்டினால் மேலே மிதந்துகொண்டே இருக்கும். ஒரு தட்டில் பிசின் கரைசல் சில சொட்டு விட்டு, கரியை விழுதாகும் வரை குழைத்து, அப்புறம் மையில் கரைக்க வேண்டும்.

இனி தாள். கையால் செய்த பருத்தித் தாள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் படம் வரைகிற கார்ட்ரிட்ஜ் தாளில் கனமானதாக வாங்குங்கள். வாங்கியதும் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு ஒரு நிமிடமாவது குமிழாக நின்றால் தாளில் ஏற்கெனவே பசை ஏறியிருக்கிறது, அப்படியே எழுதலாம். வைத்ததுமே உள்ளே போய்ப் பின்பக்கம் ஈரக் கறை தெரிந்தால் கஞ்சி போட்டாக வேண்டும். கைத்தாள்களில் பல இந்த இரண்டாவது ரகம். அழகாக இருக்கிறதே என்று வாங்கி மையில் நனைத்து ஏமாறுவது அதில்தான்.

அம்மாப்பேட்டையில் இருக்கிறீர்கள், நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். நூலின் பிசிறை அடக்குகிற அதே வேலையைத்தான் கஞ்சி தாளிலும் செய்கிறது. 10 கிராம் ஜவ்வரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 400 மில்லி தண்ணீரில் மணி கரைந்து கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிளறிக் காய்ச்சுங்கள். படிகாரத்தூள் ஒரு சிட்டிகை போடலாம், அதற்கு மேல் வேண்டாம். அது புளிப்பு, தாளின் ஆயுளைக் குறைக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். சமையலுக்கு வைக்கும் கஞ்சியோடு ஒப்பிட்டால் இது நீர்த்துத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். அகலமான தூரிகையால் ஒரே திசையில் மெல்லப் பூசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டு, மறுபக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் சுருண்டுகொள்ளும். முக்கால்வாசி காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள்.

பழைய காலத்துச் சுவடி எழுதுவோர், பாரசீக, முகலாயப் பட்டறைகளில், இப்படிக் கஞ்சி ஏற்றிய தாளை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தட்டைப் பேனா அதில் வழுக்கிக்கொண்டு போகும், கோடு கத்தியால் சீவிய மாதிரி விழும். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. எவர்சில்வர் கரண்டியின் முதுகால் லேசாக ஒரு சுற்றுத் தேய்த்து, எழுந்து நிற்கும் நாரை மட்டும் படியவைத்து விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு இந்தத் தாளை வீணாக்க வேண்டாம். நோட்டுக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாள் இருக்கிறதே, பிளாஸ்டிக் பூசாத பழைய ரகம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மினுமினுப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கலான பக்கம் தட்டைப் பேனாவுக்கு அருமையாக ஒத்துழைக்கும். என்னைக் கேட்டால் குறளையே அதில் எழுதலாம் என்பேன். ஆனால் அது சீக்கிரம் மக்கும் தாள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாணித்தாள் மட்டும் வேண்டாம். அது மையைக் குடித்து ஊதிப்போகும்.

பேனாவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏரிக்கரையில் வெட்டியது உள்ளே பொந்தாக இருக்கிற கொறுக்கைத் தட்டையா, சோறு நிறைந்த நாணலா என்று பாருங்கள். நாணலாக இருந்தால் நுனியில் உள்சோற்றை வழித்து எடுத்துவிடுங்கள். அது ஈரத்தில் ஊறி நுனியைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். நுனி 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலம், நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு. முரட்டு எழுத்துக்கு நுனியை நேராக வெட்டிய பிறகு ஓரத்தில் கத்தி முனையால் ஒன்றிரண்டு வெட்டுக் கொடுங்கள். இழுத்த கோட்டுக்குள் வெள்ளை வரி ஓடும்.

கடைசியாக, தமிழ் எழுத்தில் வரும் ஒரு சங்கடம். தட்டை நுனியை இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் தாளின் நாரில் மாட்டிக்கொண்டு மை தெறிக்கும். நம் எழுத்திலோ கீழிருந்து மேலே போகிற வளைவுகள் ஏராளம். அதனால் பள்ளிக்கூடத்தில் கற்ற வரிசையை மறந்துவிடுங்கள். ‘ம’ எழுதுவதைப் பார்ப்போம். இடது கோட்டை மேலிருந்து கீழே இழுத்து, நுனியை எடுக்காமல் அடியில் வலப்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பழக்கப்படி அங்கிருந்து மேலே ஏறத் தோன்றும். ஏறாமல் பேனாவை எடுத்து, மேல் வளைவின் உச்சியில் வைத்து, வலப்பக்கமாக வளைத்து இறக்கி அடிக்கோட்டின் முனையில் சேருங்கள். மறுபடி அதே உச்சிக்குப் போய், இடப்பக்கமாக வளைத்து நடுக்கோட்டை இறக்குங்கள். மூன்று இழுப்பு, ஒரு தள்ளல்கூட இல்லை. முதல் இழுப்பில் மை நிறைந்திருக்கட்டும். மூன்றாவதற்கு மை தொடாமலே போங்கள். நடுக்கோடு தானாக வறண்டு, நீங்கள் கேட்ட கிழிசல் அங்கே விழும். இழுப்புகள் சேரும் இடம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் திரும்பப் போய்ப் பூசி மறைக்க வேண்டாம். அந்த இடைவெளி இருக்கட்டும்.

கோடையில் சேலத்து வெயிலுக்கு மை நுனியிலேயே இறுகும். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. பனியில் தாள் ஈரம் ஏறி, கஞ்சி போட்ட தாள்கூடப் பூக்கும். அதனால் மழைக்காலத்தில் எழுதும் தாளை முதல் நாளே அடுப்படிப் பக்கம் வைத்துக்கொள்வேன். கஞ்சித் தாளுக்கு இராமபாணப் பூச்சியும் தேடி வரும். சட்டம் போட்டால் பின்பக்கத்தை நன்றாக ஒட்டி அடைத்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி ஓரத்தில் ஓர் அட்டையும் வைக்கச் சொல்லுங்கள்.

எந்தக் குறள் என்று எழுதவில்லையே. ‘ழ’கர, ‘ற’கரம் குறைவாக உள்ளதாகப் பார்த்து முதலில் எடுங்கள்.

அன்புடன்